இரவு இரண்டு மணி மாத்திரை

ரத்தக்கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்வார்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுவார்கள். அந்த மருந்துகளுக்கு இது பெரும்பாலும் சரியான வழிதான். அவை ரத்தத்தில் ஓர் அளவில் நாள் முழுக்க நிற்க வேண்டியவை. இடையில் விட்டுப்போனால் அழுத்தம் ஏறும், சர்க்கரை ஏறும். விட்ட இடத்தை நிரப்புவதில் அர்த்தம் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தைத் தூக்க மாத்திரைக்கும் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தூக்க மாத்திரை ரத்தத்தில் நிற்க வேண்டியது இரவு மட்டும்தான். விடிந்த பிறகு அது இருக்கவே கூடாது. ஆகவே "எத்தனை மணிக்குப் போட மறந்தேன்" என்று கணக்குப் பார்த்துப் பயனில்லை. "எத்தனை மணிக்கு எழுந்திருக்கப் போகிறேன்" என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையில் இந்தக் கணக்கு தப்பினால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வது சோல்பிடெம். தூக்கத்துக்கென்று டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளில் உலகம் முழுக்கப் பரவலாக வழங்கப்படுவது. இதில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை முழுவதும் உடனே கரைந்துவிடும். தூங்கவைக்கும், ஆனால் நடுஇரவில் விழிப்பவர்களுக்கு அதுவரை தாக்குப்பிடிக்காது. அதற்காக வந்ததுதான் அட்டையில் பெயருக்குப் பின்னால் "சி.ஆர்." என்று போட்டிருக்கும் வகை. அமெரிக்காவில் 2005இல் இதற்கு அனுமதி கிடைத்தது. 6.25 மில்லிகிராம், 12.5 மில்லிகிராம் என்ற இரண்டு அளவுகளில் செய்கிறார்கள். ஒரே மாத்திரையில் இரண்டு அடுக்குகள். மேலடுக்கு வயிற்றுக்குப் போனதும் கரைந்து தூக்கத்தைத் தொடங்கிவைக்கும். கீழடுக்கு ஈரம் பட்டதும் கூழ்போல ஊறி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். முதல் மூன்று மணி நேரத்தைத் தாண்டியும் ரத்தத்தில் மருந்தளவு சரிந்துவிடாமல் பிடித்துவைப்பது இந்தக் கீழடுக்கின் வேலை.

அந்த வேலையே நடுஇரவில் எமனாகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வடமதுரைப் பக்கம் ஆடு வாங்கி விற்கும் அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை; இந்தச் சாலையில் அப்படிப் பலர் உண்டு. பக்கத்தில் அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும் என்பதால் நாலரை மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துத் திண்டுக்கல்–திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறியாக வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் போகும் லாரிகளும் ஆம்னி பஸ்களும் அந்நேரத்தில் அதே சாலையில்தான். தூக்கம் வராமல் பல மாதம் தவித்ததில் டாக்டர் அவருக்கு 6.25 மில்லிகிராம் சி.ஆர். எழுதிக் கொடுத்திருக்கிறார். வயதானவர்களுக்கு அந்த அளவுதான் சிபாரிசு.

முதலில் ஒழுங்காகப் போட்ட இரவு. பத்து மணிக்கு மாத்திரை போட்டுப் படுக்கிறார். வயதானவர்களிடம் இந்த அளவு கொடுத்துச் சோதித்தபோது, சுமார் இரண்டு மணி நேரத்தில் மருந்து உச்சத்தைத் தொட்டது. உச்சம் சராசரியாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 70 நானோகிராம். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆக நள்ளிரவு பன்னிரண்டுக்கு 70. மூன்று மணி வாக்கில் 35, 40. ஆறு மணிக்கு 20 பக்கம். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் போக்கு இதுதான்.

இப்போது இன்னொரு இரவு. புதன்கிழமை. பேரன் பிறந்தநாள், வீட்டில் ஆட்கள், மாத்திரை மறந்துபோகிறது. அசதியில் எப்படியோ கண் அயர்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. புரண்டு புரண்டு படுக்கிறார். அப்போதுதான் மாத்திரை போடவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. "விட்டதைப் போட்டுக்குவோம், இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கே" என்று எடுத்து விழுங்குகிறார்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நடப்பது என்ன? நாலு மணிக்கு மருந்து உச்சத்தைத் தொடும். நாலரை மணிக்கு, சாவியைத் திருகும் நேரத்தில், அது இறங்க இப்போதுதான் தொடங்கியிருக்கும். ஒழுங்கான இரவில் நள்ளிரவில் ஆழ்ந்து தூங்கும்போது அவர் ரத்தத்தில் இருந்திருக்கும் அளவை ஏறக்குறைய அப்படியே இப்போது சாலைக்குக் கொண்டுபோகிறார்.

இந்த எண்கள் பெரியவையா சிறியவையா என்று அளக்க ஒரு கோடு உண்டு. சோல்பிடெம் ரத்தத்தில் 50 நானோகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டும் திறன் விபத்து நேரும் அளவுக்குக் குறையலாம் என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அளவுகோலாக எடுத்துக்கொண்டது. 2013 ஜனவரியில் அது வெளியிட்ட அறிவிப்பு தூக்க மாத்திரைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். 12.5 மில்லிகிராம் சி.ஆர். போட்டு முழுதாக எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோதும், பெண்களில் சுமார் 33 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 25 சதவீதம் பேருக்கும் அளவு 50க்கு மேல் இருந்தது. பெண்களின் உடல் இந்த மருந்தை வெளியேற்றுவது ஆண்களைவிட மெதுவாக நடக்கிறது. அதனால் பெண்களுக்குச் சிபாரிசு அளவை 12.5இலிருந்து 6.25ஆகப் பாதியாக்கினார்கள். ஆண்களுக்கும் குறைந்த அளவையே யோசிக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சி.ஆர். வகை போட்டவர்கள் ஆணோ பெண்ணோ, மறுநாள் வண்டி ஓட்ட வேண்டாம், முழு விழிப்பு தேவைப்படும் வேலையில் இறங்க வேண்டாம் என்பதே அந்த எச்சரிக்கை.

ஒழுங்காகப் பத்து மணிக்குப் போட்டு ஆறு மணிக்கு எழுந்தவர்களைப் பற்றித்தான் இவ்வளவும். இரண்டு மணிக்குப் போட்டு நாலரைக்குக் கிளம்புகிறவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. மருந்து ரத்தத்தில் இருக்கும்போது தூக்கக் கலக்கம் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எழுந்து முகம் கழுவி, டீ குடித்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்று மனசார நம்பலாம். ஆனால் முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு எரிவதைப் பார்த்துக் கால் மிதிக்கும் வரை ஆகும் நேரம் நீண்டிருக்கும். ஓட்டுகிறவருக்கே அது உறைக்காது. தான் தெளிவாக இருக்கிறேனா என்று தன்னையே கேட்டுப் பார்ப்பது இங்கே செல்லாத சோதனை.

அப்படியானால் மறந்துபோன இரவில் செய்ய வேண்டியது என்ன? பத்து மணி மாத்திரை பத்தே முக்காலுக்கு நினைவுக்கு வருகிறது, இன்னும் படுக்கவில்லை, மறுநாள் காலை ஏழு வரை எழ வேண்டியதில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். போட்டதும் படுக்கையில் இருக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது, மொபைல் பார்ப்பது எல்லாம் கூடாது. எழும் நேரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் முழுதாக இல்லையென்றால் அன்றைய மாத்திரை அவ்வளவுதான், விட்டுவிட வேண்டும். மறுநாள் இரவு வழக்கமான ஒரு மாத்திரை, வழக்கமான நேரத்தில். விட்டதற்கு ஈடாக இரண்டு போடக் கூடாது.

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. பல வாரமாகத் தினமும் போட்டு வந்தவருக்கு விட்ட இரவில் தூக்கம் முன்பைவிட மோசமாகலாம்; ஓரிரு இரவு அப்படி இருக்கும். அது மருந்தை இழந்த உடலின் எதிர்வினை, நோய் முற்றிவிட்டதன் அறிகுறி இல்லை. சொன்ன அளவைவிடக் கூடுதலாக, மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் கதை வேறு. அவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, அரிதாக வலிப்புகூட வரலாம். அவர்கள் டாக்டரிடம் உண்மை அளவைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இங்கே சொல்வதை இரவில் போடும் எல்லா மாத்திரைக்கும் பொருத்திவிடவும் கூடாது. வலிப்புக்காக இரவில் குளோனசெபாம் போடுகிறவருக்கு ஒரு வேளை விட்டுப்போவது ஆபத்தாக முடியலாம். அது தூக்கம் வரவழைத்தாலும் அங்கே அது தூக்க மாத்திரை இல்லை.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மாத்திரையைப் போட்டிருப்பார், தூக்கம் வந்திருக்காது. "இன்னிக்கு மாத்திரை வேலை செய்யல" என்று இன்னொன்று போடுவார். பல நேரம் குற்றவாளி மாத்திரையே இல்லை, சாப்பாடு. வெறும் வயிற்றில் சுமார் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் சி.ஆர். மாத்திரை, சாப்பாட்டோடு சேர்ந்தால் நாலு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. உச்சமும் சுமார் 30 சதவீதம் தாழ்ந்துவிடுகிறது. ஒன்பதரைக்குத் திண்டுக்கல் பிரியாணி ஒரு பிடி பிடித்துவிட்டு, பத்துக்கு மாத்திரை போட்டுப் படுத்தால், பன்னிரண்டு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. மருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது, வழியில் நிற்கிறது. அந்நேரம் இரண்டாவதைப் போட்டால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விடியற்காலையில் வந்து சேரும்.

நம் பெரியவர் பத்து மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று போட்டு, இரண்டு மணிக்கு விழித்து இன்னொன்று போட்டால் என்ன ஆகும்? நாலு மணிக்குப் புதியதன் 70, பழையதில் மிச்சம் 27 அளவில். கூட்டினால் நூறை நெருங்குகிறது. டாக்டர் எழுதாத ஒரு மருந்தளவை அவரே தனக்கு எழுதிக்கொண்டார் என்று பொருள். அந்த நிலையில் அவர் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ள நெடுஞ்சாலை தேவையில்லை, கொல்லைப்புறக் கழிப்பறைப் படி போதும். இரவுக்கு ஒன்றுதான். பாதி இரவில் இன்னொன்று என்பது இந்த வகையில் கிடையவே கிடையாது.

"முழுசா வேண்டாம், பாதியா உடைச்சுப் போட்டுக்கறேன்" என்பவர்களும் உண்டு. பெரும்பாலும் எச்சரிக்கையான ஆட்கள்தான் இப்படிச் சொல்வார்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைப்பது, சொட்டுநீர்க் குழாயை நடுவில் வெட்டிவிட்டு வாய்க்காலில் பாதித் தண்ணீர்தான் போகிறது என்று நினைப்பது மாதிரி. உடைத்தாலோ மென்றாலோ பொடித்தாலோ கீழடுக்கின் கட்டுப்பாடு போய்விடுகிறது. மருந்து எவ்வளவு, எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. முழுதாக விழுங்குவது அல்லது விழுங்காமலே விடுவது, இரண்டே வழிதான்.

நடுஇரவில் விழிப்பவர்களுக்கென்றே தனியாகச் செய்த சோல்பிடெமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. அமெரிக்காவில் 2011 நவம்பரில் அனுமதி பெற்ற அது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. அளவைப் பாருங்கள்: பெண்களுக்கு 1.75 மில்லிகிராம், ஆண்களுக்கு 3.5. அதையும் எழுவதற்கு முன் குறைந்தது நாலு மணி நேரம் பாக்கி இருந்தால்தான் போடலாம். உடனே கரைந்து உடனே இறங்கும் அவ்வளவு சிறிய அளவுக்கே நாலு மணி நேரம் என்றால், ஊறி ஊறிக் கரையும் 6.25க்கு இரண்டரை மணி நேரம் எந்த மூலைக்கு?

சரி, போட்டாகிவிட்டது. மணி இரண்டேகால். இப்போது என்ன? வாந்தி எடுக்க முயல வேண்டாம். தூக்கத்தை விரட்டுகிறேன் என்று காபியாகக் குடிக்கவும் வேண்டாம்; காபி கண்ணைத் திறந்துவைக்குமே தவிர மருந்தை வெளியேற்றாது. வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும். இது வெட்கப்படும் விஷயமாகப் பலருக்குத் தோன்றுகிறது. ஆனால் சொல்லிவைப்பதுதான் அந்த இரவின் முக்கியமான வேலை. "ரெண்டு மணிக்கு மாத்திரை போட்டுட்டேன், காலைல வண்டி எடுக்க விடாதே" என்று மகனிடம் சொல்லி, சாவியையும் கொடுத்துவிட வேண்டும். காலையில் தானே அந்த முடிவைச் சரியாக எடுப்போம் என்று நம்ப முடியாது. பிறகு படுத்துவிட வேண்டும். ஒன்றுக்கு எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சந்தைக்கு மகன் போகட்டும், அல்லது அந்த வாரம் சந்தை வேண்டாம். அன்று பகல் முழுக்க வண்டியையும் மோட்டாரையும் அரிவாளையும் தள்ளிவைப்பதே சரி.

போட்டது ஒன்றுக்கு மேல் என்றாலோ, மது அருந்தியிருந்தாலோ, வலிக்கோ இருமலுக்கோ மயக்கம் தரும் வேறு மருந்து உள்ளே இருந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. தட்டினால் எழாமல் இருப்பது, மூச்சு விட்டு விட்டு வருவது, உதடு நீலம் பாய்வது ஆகியவை 108க்கு அழைக்க வேண்டிய அறிகுறிகள். வண்டி வரும் வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் வகை என்பதால் முதல் மணி நேரத்தில் நன்றாக இருந்தவர் பிறகு ஆழலாம்; "இப்ப பேசுறாரே" என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், எது, எத்தனை என்று டாக்டர் ஊகிக்க வேண்டியிருக்காது. வேண்டுமென்றே போட்டிருப்பாரோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும், எண்ணிக்கை எதுவானாலும், உடனே ஆஸ்பத்திரிதான்.

போட்டேனா இல்லையா என்றே தெரியாத இரவும் வரும். இந்த மருந்துக்கு மறதியை உண்டாக்கும் குணம் உண்டு. போட்டதை மறக்கவைப்பதும் அதன் கைவரிசைதான். விதி எளிது: சந்தேகம் என்றால் போட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் தொடங்கும்போதே அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகத் தேதியைப் பேனாவால் எழுதிவிட்டால், இரண்டு மணி இருட்டில் நினைவை நம்ப வேண்டியதில்லை. அட்டையைத் தலைமாட்டில் வைக்காமல் வேறு அறையில் வைப்பதும் உதவும். அரைத் தூக்கத்தில் கை நீளும் தூரத்தில் மாத்திரை இருக்கக் கூடாது. நம் சட்டத்தில் சோல்பிடெம் ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை வாசலில் அவ்வளவு காவல். வீட்டுக்குள் வந்த பிறகு அந்த அட்டைக்குக் காவல் நாம்தான்.

இன்னொரு எச்சரிக்கை கொஞ்சம் விசித்திரமானது. சோல்பிடெம் போட்டுவிட்டு, முழுதாக விழிக்காமலே எழுந்து நடந்தவர்கள், அடுப்பு பற்றவைத்தவர்கள், கார் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. இந்த வகை மருந்துகளால் இப்படிக் கடுமையான காயமோ மரணமோ நேர்ந்த 66 சம்பவங்களை, அவற்றில் 20 மரணங்கள், ஆராய்ந்த பிறகு 2019 ஏப்ரலில் அமெரிக்க அமைப்பு பெட்டி கட்டிய கடும் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஒருமுறை அப்படி நடந்தவருக்கு மருந்தை அன்றோடு நிறுத்தி டாக்டரைப் பார்ப்பதுதான் வழி, அளவைக் குறைத்துப் பார்ப்பது இல்லை.

மாத்திரை இல்லாமல் அந்த இரண்டு மணியை எப்படிக் கடப்பது? கடிகாரத்தைத் திருப்பிவைத்துவிடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில், திண்ணையிலோ நாற்காலியிலோ சும்மா உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் போய்ப் படுக்க வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் முன்வைத்த முறை இது. புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பிரிப்பதுதான் நோக்கம். முதல் சில நாள் கொடுமையாகத்தான் இருக்கும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்தில்லாச் சிகிச்சையில் இது ஒரு பகுதி.

மாத்திரை போட்டிருந்த இரவில் எழுந்து உட்காரும் இந்த வேலையை வயதானவர்கள் தனியாகச் செய்யக் கூடாது. மருந்து இன்னும் காலில் இருக்கும்.

வியாழக்கிழமைக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள் நாலரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெரியவர் டாக்டரிடம் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. தூக்கம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டிருப்பார். எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் புதன்கிழமை இரவுக்கு மாத்திரையே எழுதியிருக்க மாட்டார். இந்தப் பக்கத்து நூற்பாலைகளில் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவர்களுக்கும், விடியலில் பூப்பறிக்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். படுக்கும் நேரம், எழும் நேரம், எழுந்த பின் ஓட்டுவது என்ன, இந்த மூன்றையும் ஏழு நாளுக்கும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினால், எந்தெந்த இரவுக்கு மாத்திரை, எந்த இரவுக்கு இல்லை என்று அதிலேயே அவர் குறித்துக் கொடுத்துவிடலாம்.